விரலிலிருந்து லேபிளுக்கு

முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்பு நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இன்ஜின் ஆயிலைச் சோதிக்க இருந்த கருவி மெக்கானிக்கின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். டிரம்மில் தோய்த்த குச்சியிலிருந்து ஒரு சொட்டை இரண்டு விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். பிறகு விரல்களை மெல்லப் பிரிப்பார். ஆயில் நூல் இழுத்தால் நல்ல சரக்கு, பட்டென்று அறுந்தால் ‘தண்ணியா இருக்கு’. கெட்டியாக இருந்தால் வண்டிக்குப் பலம் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அன்றைய வண்டிகளுக்கு அந்தச் சோதனை ஏறக்குறைய போதுமாகவும் இருந்தது. இன்றைய வண்டிக்கு அது ஏன் போதாது என்று புரிந்தால், கடையில் பாட்டிலைக் கையில் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

அன்று ரோட்டில் ஓடியவற்றில் பெரும்பங்கு டூ ஸ்ட்ரோக். டிவிஎஸ் 50, சேத்தக் ஸ்கூட்டர், ஜாவா, 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்100 எல்லாம் அந்த வகை. இவற்றில் இன்ஜினுக்குப் போகும் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, வெள்ளைப் புகையாகச் சைலன்ஸர் வழியே போய்விடும். பங்க்கில் பெட்ரோல் போட்டதும் ‘2டி ஊத்துங்க’ என்று சொல்வதோடு வேலை முடிந்தது. ஆர்எக்ஸ்100 போன்ற வண்டிகளில் அந்த ஆயிலுக்குத் தனி டேங்க் இருந்தது, சின்ன பம்ப் ஒன்று தேவைக்கு இழுத்துக்கொள்ளும். கியருக்கும் கிளட்சுக்கும் ஊற்றியது வேறு ஆயில். திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக்தான் என்றாலும், அதிலும் இன்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்சும் பிரைமரி செயினும் இருக்கிற கேஸுக்கு ஒன்று என மூன்று இடத்தில் தனித்தனியாக ஊற்ற வேண்டும். ஒரு ஆயிலுக்கு ஒரு வேலை. கியர் ஆயில் கெட்டியாக இருந்தால் கியருக்கு நல்லது, அதனால் பிஸ்டனுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

இந்தப் பாகப்பிரிவினை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளோடு முடிவுக்கு வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்தபோது, ஒரே கேஸுக்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் இருந்தது. பிஸ்டனையும் சிலிண்டரையும் நனைப்பது, கியர்ப் பற்கள் நசுக்கும்போது தாங்குவது, கிளட்ச் பிளேட்டுகளுக்கு இடையில் நிற்பது என மூன்று வேலையையும் அந்த ஒரே ஆயில் பார்த்தாக வேண்டும். 2010-ஐ ஒட்டிப் புல்லட்டும் இந்த வழிக்கு வந்துவிட்டது. மூன்று வேலையில் இரண்டுக்கு ஆயில் வழுக்க வேண்டும். மூன்றாவதான கிளட்சுக்கோ, அளவுக்கு மீறி வழுக்கக் கூடாது. பிளேட்டுகள் ஒன்றையொன்று கவ்வினால்தான் வண்டி நகரும். இந்த முரணை விரல் நுனியில் தேய்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்றைய ‘கெட்டியா, தண்ணியா’ என்ற கேள்வி அங்கேயே காலாவதியாகிவிட்டது.

கெட்டித்தன்மையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் விரல் அதிகம் ஏமாறுவது அதில்தான். பாட்டிலில் 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். கடையில் யாரும் டபிள்யூவைச் சொல்வதில்லை, ‘20-40 கொடுங்க’ என்பார்கள். இதில் நம் வண்டிக்கு நேரடியாக முக்கியமானது இரண்டாவது எண். ஆயில் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை அது சொல்கிறது. சென்டிஸ்டோக் என்ற அளவில் 9.3-க்கும் 12.5-க்கும் நடுவில் இருந்தால் 30, அங்கிருந்து 16.3 வரை 40, அதற்கும் மேலே 21.9 வரை 50. விரல் தொட்டுப் பார்ப்பதோ முப்பது சொச்சம் டிகிரியில் இருக்கிற ஆயிலை. சாதாரண 20-40 ஆயில் 40 டிகிரியில் நூறு சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கும், 100 டிகிரிக்குப் போனால் 14-ஐ ஒட்டி இறங்கிவிடும். விரல் காண்கிற ஆயிலும் ஓடுகிற இன்ஜின் காண்கிற ஆயிலும் கெட்டித்தன்மையில் கிட்டத்தட்ட வேறு வேறு பொருள்கள்.

இதில் இன்னொரு வினையும் உண்டு. சூட்டுக்குத் தகுந்தாற்போல் நடந்துகொள்ளும் சேர்மானம் எதுவும் இல்லாத வெறும் 40 கிரேடு ஆயில், 100 டிகிரியில் 20-40 அளவுக்குத்தான் கெட்டி. ஆனால் ஆறியிருக்கும்போது அதைவிடக் கெட்டியாக நிற்கும், அழகாக நூல் இழுக்கும். ஆக, விரல் சோதனை தரம் குறைந்ததைத்தான் தேர்ந்தெடுக்கும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கெட்டி ஆயில் மேலே இருக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஏறிப்போகத் தாமதமாகும், தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்த நேரத்தில் நடக்கும்.

முதல் எண்ணும் டபிள்யூவும் குளிர்காலத்துக்கானவை. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியிலும் 10டபிள்யூ என்றால் மைனஸ் 25-லும் இன்ஜினைச் சுழற்ற விடுகிற அளவுக்கு ஆயில் இளகி இருக்க வேண்டும். ஊட்டியில் உறைபனி விழுகிற காலையில்கூட அந்தக் குளிர் வராது. அதனால் ‘10 என்பதெல்லாம் வெளிநாட்டுக்கு, நமக்கு 20தான்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. குளிருக்காக நமக்கு 10டபிள்யூ தேவையில்லை. ஆனால் மைனஸில் இளகி இருக்கிற ஆயில் காலை 25 டிகிரியிலும் சீக்கிரம் ஏறும், சின்ன இன்ஜினுக்கு அது லாபம்.

100 சிசி வண்டியின் மொத்த சக்தியே எட்டு குதிரைத் திறனை ஒட்டித்தான். அதில் ஒரு பங்கு ஆயிலைக் கலக்குவதிலேயே செலவாகும். மைலேஜுக்காக வாங்குகிற வண்டி என்பதால், அதைச் செய்கிறவர்கள் அந்தச் செலவைக் குறைக்கப் பார்த்தார்கள். ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளுக்கு 10-30 என்று கையேட்டில் வந்தது அதனால்தான். ‘இவ்வளவு தண்ணியா இருக்கே’ என்று பழைய மெக்கானிக் தயங்கிய ஆயில் இதுதான். அதே காலத்தில் பல்சர் போன்ற வண்டிகளுக்கு 20-50 என்றும், புதிய புல்லட்டுக்கு 15-50 என்றும் எழுதியிருந்தார்கள். ஒன்று தவறு, மற்றது சரி என்பதில்லை. இன்ஜினின் சூடு, பேரிங் வகை, ஆயில் பம்ப்பின் அளவு எல்லாவற்றையும் வைத்து அவரவர் எடுத்த முடிவு அது. கையேட்டில் வெப்பநிலைவாரியாக வேறு கிரேடும் அனுமதித்திருந்தால் அதற்குள் நகரலாம். ஆயில் குடிக்கிற பழைய வண்டிக்கு 10-30-க்குப் பதில் 20-40 ஊற்றினால் கொஞ்ச நாள் புகை குறையும், ரிங் மாற்றும் செலவைத் தள்ளிப்போட்டதாகும், அவ்வளவுதான்.

சரி, கிரேடு ஒத்துப்போனால் போதுமா? இன்று நான் அதிகம் பார்க்கிற தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. சொந்தக்காரர் வீட்டு 100 சிசி வண்டி ஒன்று. காருக்கு சர்வீஸ் செய்தபோது மிச்சமான ஆயில் ஒரு லிட்டர் இருந்தது: 5-30, ஃபுல் சிந்தெடிக், பைக் ஆயிலைவிட விலை அதிகம். ‘கடைசி நம்பர் 30தானே, அதைவிட ஒசத்தி’ என்று வண்டியில் ஊற்றிவிட்டார்கள். இரண்டு வாரம் வண்டி சொகுசாக ஓடியது. பிறகு மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றார்கள். பாட்டிலின் பின்பக்கம் வட்ட முத்திரை ஒன்று இருந்தது. மேல் பாதியில் ஏபிஐ எஸ்என் என்றும், கீழ் பாதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்றும் இருந்தது. எரிபொருளைச் சேமிக்க உராய்வைக் குறைக்கும் சேர்மானம் அதில் இருக்கிறது என்று பொருள். காரில் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் நனைவதில்லை, அதனால் அங்கே அது நல்லது. பைக்கில் அதே சேர்மானம் கிளட்ச் பிளேட்டின் மேல் படிந்து பிடிமானத்தைக் கெடுக்கும். ‘சிந்தெடிக்’ என்பதில் குற்றம் இல்லை, பைக்குக்கென்றே செய்த சிந்தெடிக் ஆயில் நன்றாகவே ஓடும்.

இப்படி ஒரு சந்தேகம் வந்தால் முதலில் ஆயிலைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. கிளட்ச் லீவரின் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் இதே குறி வரும். அது சரியென்றால், சமதள ரோட்டில் மூன்றாவது கியரில் நிதானமாகப் போய்க்கொண்டே சட்டென்று முறுக்கிப் பார்க்கலாம். இன்ஜின் சத்தம் தனியாக ஏறி, வண்டி பின்தங்கினால் கிளட்ச் நழுவுகிறது. அந்த வண்டியில் கேபிள் சரியாக இருந்தது. ஆயிலை இறக்கிவிட்டு, சரியான 10-30 ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி அதையும் மாற்றினார்கள். பிளேட் கருகியிருக்கவில்லை, அதனால் பிடிமானம் திரும்பியது. நழுவலோடு மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் பிளேட்டின் மேல்தோல் கண்ணாடிபோல் பளபளத்துவிடும், பிறகு புது பிளேட்தான் வழி.

இந்தச் சிக்கல் ஜப்பானில் முன்பே வந்துவிட்டது. கார் ஆயில்கள் 1990களில் மைலேஜுக்காக மாறத் தொடங்கியதும், அவற்றையே நம்பியிருந்த பைக் கம்பெனிகளுக்குத் தனி விதி தேவைப்பட்டது. 1998-இல் ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பு ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளுக்கென்றே டி903 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. பாட்டிலில் காணும் எம்ஏ, எம்பி என்ற எழுத்துகள் அதிலிருந்து வந்தவை. கிளட்ச் கவ்வ வேண்டிய வண்டிக்கு எம்ஏ. 2006-இல் அதை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள், எம்ஏ2-இல் பிடிமானம் கூடுதல். எம்பி என்பது உராய்வு குறைந்த ஆயில், கிளட்ச் ஆயிலில் நனையாத ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களுக்கு. வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் இருந்து, ஒரே பாட்டிலை வைத்துச் சமாளிக்க நேர்ந்தால், கிரேடு ஒன்றாக இருக்கும் பட்சத்தில் எம்ஏ ஆயிலை ஸ்கூட்டருக்கு ஊற்றலாம், மைலேஜ் சற்றுக் குறையலாம். எம்பியைப் பைக்குக்கு ஊற்றக் கூடாது.

ஜாசோ பார்ப்பது கிளட்சை மட்டுமல்ல. கியர்ப் பற்கள் ஆயிலை நசுக்கும்போது, சூட்டில் கெட்டித்தன்மையைக் காக்கிற நீள மூலக்கூறுகள் அறுபடும். அப்படி அடிபட்ட பிறகும் 40 கிரேடு ஆயில் 12 சென்டிஸ்டோக்குக்குக் கீழே இறங்கக் கூடாது என்று அந்தத் தரம் கேட்கிறது. ஏபிஐயின் எழுத்துகளுக்கு வேறு வேலை: எஸ்ஜே, எஸ்எல், எஸ்என் என்று அகரவரிசையில் பின்னே போகப்போகப் புதிய தரம். கையேட்டில் எஸ்ஜே கேட்டால் எஸ்எல் ஊற்றலாம், பக்கத்தில் எம்ஏ இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஆக, நம்பிக்கை விரலை விட்டு லேபிளுக்கு வந்து சேர்ந்தது. கள்ளச் சரக்கும் கூடவே வந்தது. அன்று லூஸ் ஆயில் விற்ற காலத்தில் ஏமாற்றுகிறவர் டிரம்மில் கழிவு ஆயிலைக் கலப்பார், அதற்குப் பெயரும் முகவரியும் தேவைப்படவில்லை. இன்று ஏமாற்றுகிறவருக்கு வேண்டியது நல்ல கம்பெனியின் காலிப் பாட்டில். ஒர்க்‌ஷாப் மூலையில் குவிகிற காலிப் பாட்டில்கள் பழைய பிளாஸ்டிக் விலைக்குப் போகின்றன. அவற்றில் கசங்காத லேபிள் உள்ளவற்றைக் கழுவி, வடிகட்டிச் சாயம் போட்ட ஆயிலையோ சேர்மானம் இல்லாத வெறும் எண்ணெயையோ நிரப்பிப் புது மூடி போட்டால் வேலை முடிந்தது. இப்படிப்பட்ட பாட்டிலில் லேபிள் அசல், பிளாஸ்டிக் அசல். எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது.

அதனால் லேபிளை விட்டுவிட்டு, பாட்டிலை நிரப்பிய இடத்தில் நடந்த வேலைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூடியின் கீழ் வளையம் மூடியோடு சின்னச் சின்ன இணைப்புகளால் ஒட்டியிருக்க வேண்டும். திருகும்போது அவை ஒவ்வொன்றாக அறுபடுவது கைக்குத் தெரியும். உள்ளே அலுமினியத் தாள் இருக்கிற வகை என்றால், அது வாயின் விளிம்பு முழுக்கச் சூட்டில் ஒட்டியிருக்கும், உரித்தால் விளிம்பில் ஒரே அகலத்தில் தடம் விடும். பசையால் ஒட்டிய தாள் அங்கங்கே தூக்கிக்கொண்டு, முழுசாக ஒரே துண்டாகக் கையோடு வந்துவிடும். பேட்ச் எண், தயாரித்த மாதம், விலை ஆகியவற்றை நிரப்பும் வரிசையில் மை புள்ளிகளாக அச்சிடுவார்கள். அவை லேபிளின் அச்சோடு அச்சாக, ஒரே மையில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பழைய எண்ணைத் துடைத்துப் புதிதாக அச்சிட்டிருந்தால் அந்த இடம் மட்டும் மங்கலாகவோ பளபளப்பாகவோ தெரியும்.

எனக்கு மிகவும் உதவியது பாட்டிலின் அடிப்பக்கம். பிளாஸ்டிக் அச்சில் பல பாட்டில்களுக்கு அடியில் சின்ன வட்டம் ஒன்று பதிந்திருக்கும். சுற்றி 1 முதல் 12 வரை மாத எண்கள், நடுவில் ஆண்டும் ஓர் அம்புக்குறியும். அந்தப் பாட்டில் வார்க்கப்பட்ட மாதம் அது. எல்லாப் பாட்டிலிலும் இருக்காது, இருந்தால் பொன்னான சாட்சி. தோளில் உள்ள நிரப்பிய தேதியோடு அதை ஒப்பிட வேண்டும். பெரிய கம்பெனியின் காலிப் பாட்டில் குடோனில் வருஷக்கணக்கில் தூங்காது, சில மாதங்களில் நிரப்பப்பட்டுவிடும். ஒரு கடையில் பாதி விலைக்குச் சொன்ன 900 மில்லி பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். நிரப்பிய தேதி மூன்று மாதத்துக்கு முன்பு, அடியில் வார்த்த ஆண்டு அதற்கு இரண்டு வருஷம் முந்தையது. அடிவிளிம்பில் காங்கிரீட்டில் தேய்ந்த கீறல்கள் வேறு. லேபிளிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாட்டிலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே குறியீடு எல்லாப் பாட்டிலுக்கும் பொதுவாக இருந்தால், அதைப் படியெடுப்பது சுலபம், ஸ்கேன் செய்தால் கம்பெனியின் பக்கமேதான் திறக்கும். சுரண்டிப் பார்க்கிற, பாட்டிலுக்குப் பாட்டில் மாறுகிற எண் என்றால்தான் அதற்கு மதிப்பு. அதிலும் ‘ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது’ என்று பதில் வந்தால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

உள்ளே இருக்கும் ஆயிலைப் பற்றி வீட்டில் அறிய முடிவது குறைவு. நிறம் சாயம், வாசனை பழக்கம், இரண்டும் சாட்சி ஆகாது. ஃபிரீஸர் ஓரளவு உதவும். முன்பு வாங்கிய நம்பகமான பாட்டிலின் மிச்சத்தில் கொஞ்சமும், சந்தேகப் பாட்டிலில் கொஞ்சமும் ஒரே மாதிரி சிறு குப்பிகளில் ஊற்றி, இறுக மூடி, ஓர் இரவு ஃபிரீஸரில் வைக்க வேண்டும். அங்கே மைனஸ் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். காலையில் இரண்டையும் சாய்த்தால் உண்மையான 20டபிள்யூ ஆயில் மிக மெதுவாகவேனும் சரியும். சேர்மானம் இல்லாத வெறும் எண்ணெய் கட்டிபிடித்து அசையாமல் நிற்கும். ஆனால் வடிகட்டிய பழைய ஆயிலில் பழைய சேர்மானத்தின் மிச்சம் இருக்கும் என்பதால் அது இந்தச் சோதனையில் தேறிவிடக்கூடும். தோற்றால் கள்ளச் சரக்கு என்று சொல்லலாம், தேறினால் அசல் என்று சொல்ல முடியாது.

வண்டியில் ஊற்றிய பிறகு தெரிகிற குறிகள் உண்டு. ஆயில் கறுத்துப்போவது அந்தக் குறி அல்ல. கரியைக் கழுவித் தன்னுள் வைத்துக்கொள்கிற நல்ல ஆயிலும் கறுக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே, இன்ஜின் சூடானதும் டேப்பட் சத்தம் கூடுவது, சிக்னலில் நியூட்ரல் விழ மறுப்பது, கியர் ‘டக்’கென்று இடித்து விழுவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இவை வந்தால் ‘சர்வீஸ் தேதி வரட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. இன்றைய கையேடுகள் 5,000, 6,000 கிலோமீட்டர் வரை ஒரே ஆயிலில் ஓடச் சொல்கின்றன. தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானம் இல்லாத ஆயிலில் அவ்வளவு தூரம் ஓடினால் கேம்ஷாஃப்டின் முகடு தேய்ந்துபோகும். ஆயிலைச் சூடாக இறக்கிவிட்டு, வலை வடிகட்டியைக் கழுவி, நம்பகமான ஆயிலை ஊற்றி 500 கிலோமீட்டரில் அதையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

கள்ளச் சரக்கு என்று உறுதிப்பட்டால் பாட்டிலையும் மூடியையும் அலுமினியத் தாளையும் எறிந்துவிடாமல் பில்லோடு வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்குப் பேசும்போது அந்தப் பாட்டிலில் இருக்கிற எண்ணுக்குப் பேசாமல், வண்டியின் கையேட்டிலோ கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ உள்ள எண்ணை எடுங்கள், ஏனென்றால் போலி லேபிளில் தொலைபேசி எண்ணும் போலியாக இருக்கலாம். பேட்ச் எண்ணைச் சொன்னால் அது அவர்கள் நிரப்பியதா என்று அவர்களால் சொல்ல முடியும். கடைக்காரர் பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அசல் பாட்டில் காலியானாலும் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் அடியில் ஒரு குத்து, லேபிளின் குறுக்கே கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டுப் பழைய பிளாஸ்டிக்கோடு போடுங்கள்.